50 நாளா, 200 நாளா: நகரும் சராசரியின் கணக்கு

2020 பிப்ரவரி கடைசி வாரத்தில் பங்குச்சந்தைச் செய்திகளைக் கவனித்தவர்களுக்கு ஒரு வரி நினைவிருக்கலாம்: நிஃப்டி தன் 200 நாள் சராசரிக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்தச் சராசரி அப்போது 11,700-ஐ ஒட்டி இருந்தது. பிப்ரவரி 28 அன்று நிஃப்டி 11,201-ல் முடிந்தது. அடுத்த ஒரு மாதத்துக்குள், மார்ச் 23 அன்று, 7,610-க்கு வந்துவிட்டது. அந்த ஒரு கோட்டை மட்டும் பார்த்து விற்றவர் பெரிய சரிவின் பெரும்பகுதியிலிருந்து தப்பித்தார். ஆனால் அதே கோடு அவரைத் திரும்ப வாங்கச் சொன்னது ஜூலை மூன்றாம் வாரத்தில். ஜூலை 17 அன்று நிஃப்டி 10,901. விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் நடுவே 300 புள்ளி மட்டுமே மிச்சம். வரியும் கட்டணமும் போனால் அதிலும் பாதி நிற்காது.

இது தோல்வியா, வெற்றியா? அதற்கு விடை சொல்ல, அந்தக் கோடு எப்படி உருவாகிறது என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சந்தையில் அதற்கு இரண்டு வடிவங்கள் புழங்குகின்றன. எஸ்எம்ஏ என்பது எளிய நகரும் சராசரி, இஎம்ஏ என்பது அடுக்குக்குறி நகரும் சராசரி. எது சிறந்தது என்று முதலீட்டாளர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்த வாதத்துக்குச் செலவாகும் நேரத்தில் பாதியைக் கூட நாள் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுப்பதற்கு அவர்கள் செலவிடுவதில்லை என்பது என் வருத்தம்.

எளிய சராசரியில் மறைபொருள் எதுவும் இல்லை. கடைசி 200 நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 200-ஆல் வகுக்கிறோம். நாளை ஒரு புது விலை சேரும், மிகப் பழைய விலை ஒன்று வெளியேறும். 200 விலைகளுக்கும் ஒரே மதிப்பு, ஒவ்வொன்றுக்கும் அரை சதவீதம். 201-ஆம் நாள் பழையதான விலைக்கு மதிப்பே இல்லை. நம் சந்தையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 வர்த்தக நாட்கள் என்பதால் 200 நாள் என்பது பத்து மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 50 நாள் என்பது இரண்டரை மாதம்.

இந்த எளிமையில் ஒரு விளைவு ஒளிந்திருக்கிறது. ஒரே நாளில் எஸ்எம்ஏ எவ்வளவு நகரும்? உள்ளே வரும் விலையிலிருந்து வெளியே போகும் விலையைக் கழித்து 200-ஆல் வகுத்தால் வருவது எவ்வளவோ, அவ்வளவு. நடுவில் இருக்கும் 199 விலைகளுக்கும் இதில் பங்கே இல்லை. ஆகவே 200 நாள் எஸ்எம்ஏ மேல்நோக்கித் திரும்பியது என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வதன் முழுப் பொருளும் இதுதான்: இன்றைய விலை, 200 நாளுக்கு முந்தைய விலையைவிட அதிகம்.

2021 ஜனவரியில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். மார்ச் 2020-ன் பீதி விலைகள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டிய முறை அந்த மாதம் வந்தது. ஜனவரி 8 அன்று நிஃப்டி 14,347. ஏறத்தாழ அதே நாட்களில் வெளியேறிய விலை 7,610. வித்தியாசம் 6,737 புள்ளி, அதை 200-ஆல் வகுத்தால் 33 புள்ளிக்கு மேல். அன்றைய நிஃப்டி முந்தைய நாளைவிட ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் சராசரி அன்று முப்பது புள்ளிகளுக்கு மேல் ஏறத்தான் செய்யும். கோடு செங்குத்தாக எழுவதைப் பார்த்து, சந்தை வேகமெடுக்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அந்த வேகத்தில் பாதிக்கு மேல் பத்து மாதத்துக்கு முந்தைய ஒரு நாளின் நிழல். எஸ்எம்ஏ-வில் ஒவ்வொரு பெரிய அதிர்ச்சியும் இருமுறை தெரியும்: நடந்த அன்று ஒரு முறை, கணக்கை விட்டுப் போகும் அன்று தலைகீழாக இன்னொரு முறை.

இஎம்ஏ-வில் இந்த இரண்டாம் அதிர்ச்சி கிடையாது. அதை ஒரு தண்ணீர்த் தொட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். தினமும் தொட்டியிலிருந்து ஒரு குவளை எடுத்துக் கொட்டிவிட்டு, அன்றைய தண்ணீரில் ஒரு குவளை ஊற்றுகிறோம். என்றோ ஒரு நாள் ஊற்றிய உப்புநீரின் உப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். ஆனால் எந்தத் தேதியிலும் முழுதாகப் போய்விடாது. கணக்காகச் சொன்னால், இன்றைய விலையிலிருந்து நேற்றைய இஎம்ஏ-வைக் கழித்து, வருவதில் ஒரு சிறு பங்கை நேற்றைய இஎம்ஏ-வோடு சேர்க்கிறோம். அந்தப் பங்கின் அளவு, இரண்டை நாள் எண்ணிக்கை கூட்டல் ஒன்றால் வகுப்பது. 200 நாளுக்கு 2/201, ஏறத்தாழ ஒரு சதவீதம். 50 நாளுக்கு 2/51, ஏறத்தாழ நான்கு சதவீதம்.

அதாவது இன்றைய விலைக்கு எஸ்எம்ஏ கொடுக்கும் மதிப்பைப் போல் இரு மடங்கை இஎம்ஏ கொடுக்கிறது. இந்த முறை பங்குச்சந்தையில் பிறந்தது அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக வேலை செய்த ராபர்ட் பிரவுன் என்பவர் நீர்மூழ்கிக் கப்பல்களின் போக்கைக் கணிக்கும் வேலையில் இதைக் கையாண்டார். பிறகு உதிரிபாகங்களின் தேவையைக் கணிக்கவும் பயன்படுத்தினார். பழைய எண்கள் எதையும் சேமிக்க வேண்டாம், நேற்றைய ஒரே ஒரு எண் போதும் என்பது அன்றைய கருவிகளுக்குப் பெரிய வசதி. இன்று கைப்பேசியே ஆயிரம் எண்களைச் சுலபமாக வைத்துக்கொள்கிறது. ஆக அந்தக் காரணம் நமக்குப் பொருந்தாது.

விரிதாளில் இரண்டையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். தேதிகள் ஏறுவரிசையில் இருக்க, முடிவு விலைகள் B2-லிருந்து தொடங்கினால், C201-ல் எளிய சராசரி. அதையே தொடக்கமாகக் கொண்டு D நெடுவரிசையில் இஎம்ஏ:

```
C201: =AVERAGE(B2:B201)
D201: =C201
D202: =D201+(B202-D201)*2/201
```

C201-ஐயும் D202-ஐயும் கீழே இழுத்தால் மீதி தானாக வரும்.

இப்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதம். 100 ரூபாயிலேயே பல மாதம் நின்ற ஒரு பங்கு ஒரே நாளில் 110-க்குத் தாவி அங்கேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கழித்து 50 நாள் எஸ்எம்ஏ 102-ல் இருக்கும். இஎம்ஏ அதற்குள் 103.30 தொட்டிருக்கும். இருபத்தைந்தாம் நாளில் எஸ்எம்ஏ 105, இஎம்ஏ 106.30. இதுவரை இஎம்ஏதான் முன்னே. ஏறக்குறைய நாற்பதாம் நாளில் இரண்டும் சந்திக்கின்றன. ஐம்பதாம் நாளில் எஸ்எம்ஏ 110-ஐத் தொட்டு வேலையை முடித்துவிடும். இஎம்ஏ இன்னும் 108.65-ல்தான் இருக்கும், மிச்சத்தை முடிக்க மாதக்கணக்கில் இழுக்கும். ஆக இஎம்ஏ வேகமானது என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. அது சீக்கிரம் புறப்பட்டுத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது.

இன்னொரு பாதியைப் பலர் கவனிப்பதே இல்லை. 2-ஐ நாள் எண்ணிக்கை கூட்டல் ஒன்றால் வகுக்கும் அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது? எஸ்எம்ஏ-வில் உள்ள விலைகளின் சராசரி வயதும் இஎம்ஏ-வில் உள்ள விலைகளின் சராசரி வயதும் சமமாக இருக்கும்படி கணக்கிட்டால் அந்தப் பின்னம் வருகிறது. 200 நாள் சராசரியில் அந்த வயது 99.5 நாள், 50 நாள் சராசரியில் 24.5 நாள். அதன் விளைவு இது: சந்தை தினம் பத்துப் புள்ளி வீதம் சீராக ஏறிக்கொண்டிருந்தால், 200 நாள் எஸ்எம்ஏ விலைக்கு 995 புள்ளி கீழே ஓடும். 200 நாள் இஎம்ஏ-வும் அதே 995 புள்ளி கீழேதான் ஓடும். ஒரு புள்ளி கூட வித்தியாசம் இல்லை. நீண்டகாலப் போக்கில் இரண்டும் ஒரே அளவு பின்தங்கியவை. திடீர்த் திருப்பத்தில் மட்டுமே அவை பிரிகின்றன.

நீண்டகால வடிகட்டிக்கு, அதாவது "இப்போது உள்ளே இருக்கலாமா, வெளியே நிற்கலாமா" என்ற ஒரே கேள்விக்கு, 200 நாள் கோட்டைப் பயன்படுத்துபவர் இந்த இரண்டில் எதை எடுத்தாலும் பெரிதாக எதுவும் மாறாது. என் விருப்பம் எஸ்எம்ஏ. 200 விலைகள் கையில் இருந்தால் யார் கணக்கிட்டாலும் ஒரே எண் வரும் என்பதே காரணம். கோட்டின் சாய்வை மட்டும் அதில் படிக்க வேண்டாம், விலை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சாய்வு வேண்டுமென்பவர் இஎம்ஏ-வுக்குப் போகலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: விலை மேலே இருந்தால்தான் இஎம்ஏ ஏறும், கீழே இருந்தால்தான் இறங்கும். "விலை இஎம்ஏ-வுக்கு மேலே, இஎம்ஏ-வும் ஏறுகிறது" என்று இரண்டு சான்று காட்டுபவர் ஒரே சான்றை இருமுறை சொல்கிறார்.

நாள் எண்ணிக்கைதான் உண்மையான தேர்வு. மேலே சொன்ன சீரான ஏற்றத்தில் 200 நாள் கோடு 995 புள்ளி கீழே என்றால், 50 நாள் கோடு 245 புள்ளி கீழே. உச்சியிலிருந்து சந்தை திரும்பும்போது, கோடு உங்களை வெளியே அனுப்புவதற்கு முன் எவ்வளவு இழக்கத் தயார் என்பதை அந்த இடைவெளியே தீர்மானிக்கிறது. அதே இடைவெளிதான் சில்லறைச் சறுக்கல்களைத் தாங்கி உங்களை உள்ளேயே வைத்திருப்பதும். இடைவெளி குறைந்தால் இழப்பும் குறையும், பொய்ச் சமிக்ஞையும் பெருகும். இந்த ஒன்றை விட்டுக்கொடுக்காமல் மற்றதைப் பெற எந்தச் சராசரியாலும் முடியாது.

இரண்டு உண்மைச் சரிவுகளை எடுத்துக்கொள்வோம். 2008 ஜனவரி 8 அன்று நிஃப்டி 6,287-ல் முடிந்தது. அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில், 5,000-ஐ ஒட்டி, அது 200 நாள் சராசரியை இழந்தது. கோட்டை ஒட்டி மேலும் கீழுமாகச் சில முறை ஆட்டம் காட்டிவிட்டு இறங்கியது. அக்டோபர் 27 அன்று 2,524. திரும்பக் கோட்டுக்கு மேலே ஏறியது 2009 ஏப்ரலில், 3,400-ஐ ஒட்டி. 5,000-ல் விற்று 3,400-ல் வாங்க வைத்த கோடு. தேர்தல் முடிவுக்குப் பிறகு 2009 மே 18 அன்று சந்தை உச்சவரம்பைத் தொட்டு வர்த்தகம் நின்றபோது, இந்த விதியைப் பின்பற்றியவர் ஏற்கெனவே உள்ளே இருந்தார். சரிவு ஓராண்டுக்கு மேல் நீண்டதால் மெதுவான கோட்டுக்கும் நேரம் கிடைத்தது.

2020-ன் சரிவு சில வாரங்களில் முடிந்துவிட்டது, மீட்சியும் வேகமாக வந்தது. 200 நாள் கோடு கீழே வந்துசேர்வதற்குள் விலை பாதி வழி ஏறிவிட்டது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த 300 புள்ளி மிச்சத்துக்குக் காரணம் இதுதான். அது பணமாக எதையும் சேர்க்கவில்லை. ஆனால் 7,610-ஐப் பார்த்துப் பயந்து அடிமட்டத்தில் விற்கும் நிலை அந்த முதலீட்டாளருக்கு வரவில்லை. இப்படிப்பட்ட வடிகட்டியிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். அது நெடுஞ்சரிவுக்கான காப்பீடு, லாபம் தரும் இயந்திரம் அல்ல.

அதே 2020-ல் 50 நாள் கோடு என்ன செய்தது? ஜனவரி இறுதியில் 12,000-ஐ ஒட்டி வெளியே அனுப்பியது. பிப்ரவரி 12 அன்று நிஃப்டி 12,201-ல் முடிந்தபோது திரும்ப உள்ளே அழைத்தது. சில நாட்களிலேயே, பிப்ரவரி 17 வாக்கில், 12,046-ல் மறுபடி வெளியே. மே கடைசியில், 9,300-ஐ ஒட்டி, உள்ளே. ஒரு பொய்ச் சமிக்ஞையைக் கழித்த பிறகும் 50 நாள் கோட்டின் கணக்கு 200-ஐவிட மிக நன்றாகத் தெரிகிறது. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒரே ஒரு சரிவை வைத்து 50 சிறந்தது என்று முடிவு செய்து, அடுத்து வரும் பக்கவாட்டுச் சந்தையில் மாதம் ஒரு முறை உள்ளேயும் வெளியேயும் போய்வந்து, ஒவ்வொரு முறையும் ஓரிரு சதவீதம் விட்டு, கடைசியில் விதியையே கைவிடுகிறார்கள். கைவிட்ட பிறகு பெருஞ்சரிவு வரும்.

50-ஐயும் 200-ஐயும் சேர்த்துப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. 50 நாள் சராசரி 200 நாள் சராசரிக்குக் கீழே போனால் டெத் கிராஸ், மேலே வந்தால் கோல்டன் கிராஸ் என்பார்கள். பெயர்கள் பயமுறுத்தும். விலைக்குப் பதிலாக ஏற்கெனவே தாமதமான ஒரு கோட்டை வைத்துப் பார்ப்பதால் பொய்ச் சமிக்ஞை குறையும், தாமதம் கூடும். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2020 மார்ச் 23 அன்று அடிமட்டம் தொட்டது. டெத் கிராஸ் விழுந்தது மார்ச் 30 அன்று, குறியீடு 2,626-ல் இருக்கும்போது. கோல்டன் கிராஸ் ஜூலை 9 அன்று, 3,152-ல். அதை நம்பியவர் சரிவு முழுவதையும் அனுபவித்துவிட்டு, மீட்சியில் இருபது சதவீதத்தையும் இழந்தார். அதே குறியீட்டில் விலையை மட்டும் 200 நாள் எஸ்எம்ஏ-வோடு ஒப்பிட்டவர் முதலில் பிப்ரவரி 27 அன்று 2,979-ல் வெளியேறி, கடைசியாக மே 27 அன்று 3,036-ல் திரும்பியிருப்பார். இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவே வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள்.

200 என்ற எண்ணில் மந்திரம் ஏதும் இருக்கிறதா? இல்லை. பத்து மாதத்தை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் உருட்டித் திரட்டிய முழு எண் அது. அதனால் ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. உங்கள் விரிதாளில் 200-ஐ 180 என்றும் 220 என்றும் மாற்றிப் பாருங்கள். விளைவு ஏறத்தாழ அப்படியே இருந்தால் அந்தக் கோட்டில் ஏதோ இருக்கிறது. 200-ல் அருமையாகவும் 190-ல் மோசமாகவும் வந்தால், நீங்கள் கண்டது சந்தையின் குணத்தை அல்ல, ஓரிரு நாட்களின் தற்செயலை. 187 நாள்தான் சிறந்தது என்று யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அதே காரணத்துக்காக விலகி நில்லுங்கள்.

ஆய்வுலகிலும் இந்த எச்சரிக்கைக்குச் சான்று உண்டு. 1992-ல் பிராக், லக்கோனிஷோக், லெபரோன் என்ற மூவர், 1897 முதல் 1986 வரையிலான டௌ ஜோன்ஸ் விலைகளில் 50, 150, 200 நாள் சராசரிகளைச் சோதித்தார்கள். விலை கோட்டுக்கு மேலே இருந்த நாட்களின் வருவாய், கீழே இருந்த நாட்களைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. 1999-ல் சல்லிவன், டிம்மர்மன், வைட் என்ற வேறு மூவர், அந்தக் காலத்துக்குள் மிகச் சிறந்ததாகத் தெரிந்த விதியை அடுத்த பத்தாண்டில் ஓட்டிப் பார்த்தபோது அது நிலைக்கவில்லை.

பொய்ச் சமிக்ஞைகளைக் குறைக்க, நாள் எண்ணிக்கையைத் தொடாமலேயே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோட்டின் இரு பக்கமும் ஒரு சதவீதம் இடைவெளி விடுவது. சராசரி 11,700 என்றால் 11,583-க்குக் கீழே முடிந்தால் மட்டும் வெளியேறுவது, 11,817-க்கு மேலே முடிந்தால் மட்டும் உள்ளே வருவது. மற்றது, மாதக் கடைசி வர்த்தக நாளில் ஒரே ஒரு முறை பார்ப்பது. அமெரிக்க நிதி மேலாளர் மெப் ஃபேபர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் பத்து மாத எளிய சராசரியை இப்படித்தான் மாத இறுதியில் மட்டும் பயன்படுத்தினார். வேலைக்குப் போகும் மனிதருக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். மாதத்தின் நடுவில் ஒரு பெரும் சரிவு வந்தால் தாமதமாகும் என்பதை மட்டும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் அடிக்கடி விற்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்குள் விற்ற பங்குகளின் லாபத்துக்கு 20 சதவீத வரி. ஓராண்டு தாண்டினால் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5 சதவீதம். 50 நாள் கோட்டின்படி நடப்பவர் பெரும்பாலும் முதல் வகையில்தான் வருவார். 200 நாள் கோட்டின்படி நடப்பவரும் பொய்ச் சமிக்ஞையில் ஒரு முறை விற்று மறுநாளே வாங்கினால், அந்த ஓராண்டுக் கணக்கு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கும். பழைய தரவில் சோதிக்கும்போது இந்த வரியைக் கழிக்காமல் போட்ட கணக்கை நம்ப முடியாது.

கணக்கில் வரும் இரண்டு கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன், இரண்டும் கண்ணுக்கு எளிதில் படாதவை. முதலாவது, ஒரே பங்கின் 200 நாள் இஎம்ஏ இரண்டு செயலிகளில் இரண்டு எண்ணாக வருவது. இஎம்ஏ-வில் கடைசி 200 நாட்களின் பங்கு 86 சதவீதம் மட்டும்தான், மீதி 14 அதற்கும் முந்தைய நாட்களிலிருந்து வருகிறது. ஒரு செயலி 200 நாள் தரவோடு தொடங்கினால், தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட எண்ணில் 1,000 புள்ளி பிழை இருந்தால், 200 நாள் கழித்தும் அதில் 135 புள்ளி மிஞ்சும். 600 நாள் ஓடிய பிறகு அந்தப் பிழை இரண்டரைப் புள்ளிக்குச் சுருங்கிவிடும். ஆகவே 200 நாள் இஎம்ஏ வேண்டுமென்றால் குறைந்தது மூன்று ஆண்டு விலைகளை உள்ளே கொடுத்து, முதல் இரண்டு ஆண்டுகளின் கோட்டைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள்.

இரண்டாவது, தனிப் பங்குகளில் வரும் போனஸும் பங்குப் பிரிப்பும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த நாளில் 2,000 ரூபாய்ப் பங்கு 1,000-க்கு வரும். பழைய விலைகளைப் பாதியாக்கித் திருத்தாத தரவில் அது ஐம்பது சதவீதச் சரிவாகத் தெரியும். விலை 200 நாள் சராசரிக்கு வெகு கீழே போய்விட்டதாகக் கோடு கூவும், அடுத்த பல மாதங்களுக்குக் கூவிக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் விலை சரியாகப் பாதியாகவோ ஐந்தில் ஒன்றாகவோ இறங்கி, அன்று சந்தையில் வேறு எதுவும் நடக்காமல் இருந்தால், விற்பதற்கு முன் டீமேட் கணக்கில் பங்குகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது கூடியிருந்தாலோ, கூடப்போவதாக நிறுவனம் அறிவித்திருந்தாலோ, திருத்த வேண்டியது தரவை.